கவியா அனுப்பிய குடும்பப் படம்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்பிங், லேமினேஷன் கடை வைத்திருக்கும் நீலாயதாட்சிக்கு வாட்ஸப்பில் படம் மட்டும்தான் வரும். என்ன செய்ய வேண்டுமென்று யாரும் எழுதமாட்டார்கள். ஆதார் வந்தால் ஜெராக்ஸ், மாலை போட்ட முகம் வந்தால் கண்ணீர் அஞ்சலி. ஊகத்திலேயே பிழைப்பு ஓடியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று சுரக்குடி கவியாவிடமிருந்து கையால் வரைந்த குடும்பப் படம் ஒன்று வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

அழகாக அடித்துத் தரவா, உறவுமுறை சரிபார்க்கவா, விட்டுப்போன ஆளைத் தேடவா? நீலாவுக்குக் கை துறுதுறுத்தது. மேலே தாத்தா செல்லையன். கீழே பெரியப்பா பூமிநாதன், அவர் மகன் செம்பியன். பூமிநாதன் பக்கத்தில் கவியாவின் அப்பா தெட்சிணாமூர்த்தி. அவர் பெட்டிக்கு மட்டும் மேலே கோடு இல்லை. எல்லாப் பெயரின் கீழும் முறை எழுதிய பெண், செம்பியனின் கீழ் எழுதவில்லை.

"மறந்துட்டா போல" என்று செல்லையனிலிருந்து தெட்சிணாமூர்த்திக்குக் கோடு இழுத்தாள். செம்பியனின் கீழ் 'அண்ணன்' என்று அடித்து அனுப்பினாள்.

சாயங்காலம் கவியா நேரிலேயே வந்துவிட்டாள். முகம் செத்திருந்தது.

"இந்தக் கோட்ட யாருக்கா போடச் சொன்னா?"

"அந்தரத்துல தொங்குச்சேடி."

"அப்பாவ தாத்தா எடுத்து வளத்தாங்கக்கா. அப்பாவப் பெத்தது யாருன்னு தெரியாமத்தான் கோடு போடல. கண்டுபிடிச்சுத் தருவீங்கன்னு அனுப்புனேன்."

"எழுதித் தொலைச்சா என்ன?"

கவியா செம்பியன் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். நீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கோட்டில் இரண்டு பேரை அண்ணன் தங்கை ஆக்கிவிட்டிருந்தாள். வெட்கமாகப் போயிற்று.

"அப்பாவயே கேளேன்."

"எதுக்குன்னு கேப்பாங்களே."

நீலா போனை எடுத்துத் தெட்சிணாமூர்த்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, ஒங்க வீட்டுக் குடும்பப் படம் அடிக்கிறேன். ஒங்க அம்மா பேரு சொல்லுங்க."

"பெத்தவளா, வளத்தவளா?"

"பெத்தவங்க."

"நாகம்மா. செல்லையன் மாமாவோட கூடப்பொறந்த தங்கச்சி. நான் கைக்குழந்தையா இருக்கையிலயே தவறிப்போயிட்டா. அந்த வீட்டுலயே வளந்ததால பூமிநாதன அண்ணன்னு கூப்புட்டுப் பழகிப்போச்சு. மொறைக்கு மச்சான்தான்."

செல்லையன் பக்கத்தில் நாகம்மா. அவளுக்குக் கீழே தெட்சிணாமூர்த்தி. அப்படியானால் செம்பியன் கவியாவுக்கு மாமா மகன், கட்டிக்கொள்ளும் முறை. நீலா 'அண்ணன்' என்பதை அழித்தாள். கவியா திரைக்கு அருகே குனிந்தாள்.

"யாரும்மா அடிக்கச் சொன்னது?" என்றார் அவர்.

நீலா கவியாவைப் பார்த்தாள். கவியா வேண்டாமென்று தலையாட்டினாள்.

"கஸ்டமருதான் அண்ணே."

அந்தப் பக்கம் அவர் லேசாகச் சிரிப்பது கேட்டது.

"சரி. கவியா பேரையும் செம்பியன் பேரையும் பக்கத்துல பக்கத்துல அடிச்சுடும்மா. நடுவுல ஒரு கோடு போடுற அளவுக்கு எடம் விடு."