முதலாளியை பிசிசியில் ஒளித்து வைத்த கதை

எழுபது வயதைத் தாண்டிய பிறகு நான் செய்த தவறுகளில் ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவை என் மனைவிக்குத் தெரியும். இது அவளுக்கும் தெரியாது.

இன்சூரன்ஸ் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் பத்து வருடம் இருந்து பார்த்தேன். என்னைவிட வீட்டிலிருந்தவர்களுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. அதனால் தூத்துக்குடி துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் ஆலோசகர் என்ற பட்டத்துடன் போய் உட்கார்ந்தேன். கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்சிகள், லாரி ஷெட்டுகள், உப்பு வியாபாரிகள் ஆகியோர் தங்கள் ஆட்களுக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீட்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், அவருக்கும் சென்னையில் கிளெய்மைப் பரிசீலிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே மெயில்கள் எங்கள் வழியாகப் போய்வரும்.

அலுவலகத்தை நடத்தியவர் நாற்பது வயதுப் பெண்மணி. என்னை சார் என்று கூப்பிடுவார், ஆனால் நான் அனுப்பும் மெயில்களை வாத்தியாரம்மா மாதிரி திருத்துவார். பாலிசி புதுப்பிக்கும் நாள் நெருங்கியதை எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே மெயிலில் அவர் நினைவூட்டுவார். பெறுநர் கட்டத்தில் எங்கள் அலுவலக முகவரி இருக்கும், கம்பெனிகள் அத்தனையும் பிசிசியில் இருக்கும். ஒரு கம்பெனியின் முகவரி இன்னொரு கம்பெனிக்குத் தெரியக்கூடாது, அதற்காக. அந்த மெயிலில் யாருடைய பாலிசி விவரமும் இருக்காது. பொதுவான நாலு வரிதான்.

பிசிசியில் ஒருவரைப் போட்டால், அவருக்கும் மெயில் போனது மற்றவர்களுக்குத் தெரியாது என்பதை அந்த மெயிலைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இத்தனை வருடம் சர்வீஸ் போட்டவனுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. அந்தப் பெண்மணி அதை எதற்காகப் பயன்படுத்தினார் என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு கிளியரிங் ஏஜென்சி உண்டு. அதன் முதலாளி கடற்கரைக் குடும்பத்துக்காரர், கப்பலில் சுற்றிவிட்டு வந்து தொழில் தொடங்கியவர். நல்ல மனுஷன். ஆனால் தன் கம்பெனி சம்பந்தமாகப் போகும் ஒவ்வொரு மெயிலிலும் தனக்குக் காப்பி வேண்டும் என்பார். "பாலிசி எம் பேர்லதான சார் இருக்கு. எனக்குத் தெரியாம எதுவும் போகக்கூடாது, சொல்லிட்டேன்." ஆள் சேர்ப்பு, ஆள் நீக்கம், பிரீமியம் என்றால் அது நியாயம்தான், அவரை வெளிப்படையாக சிசியில் போடுவோம். ஆஸ்பத்திரி விவரம் என்று வந்தால் மட்டும் எங்கள் பெண்மணி முதலாளியை நீக்கிவிடுவார். பாலிசி முதலாளி பெயரில் இருந்தாலும் உடம்பு அந்த ஆளுடையது அல்லவா என்பார்.

அந்த ஏஜென்சியில் ஒரு சூப்பர்வைசர். பனங்காட்டு ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயது. மூன்று வருடமாக ஒரே ஒரு வேலைக்காகக் காத்திருந்தார்: கம்பெனியின் கன்டெய்னர் யார்டுப் பொறுப்பு. காலையிலிருந்து மாலை வரை பைக்கில் யார்டுக்கும் துறைமுக வாசலுக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய வேலை அது. பழைய பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்த மாதம் முடிவு சொல்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசருக்கு மூலம் முற்றிவிட்டது. குலசாமி கோயிலுக்கு ஆழ்வார்திருநகரிப் பக்கம் போகிறேன் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார். கிளெய்ம் பேப்பரோடு என்னிடம் வந்து, உட்காராமலே பேசினார்.

"அண்ணாச்சி, இது மொதலாளி காதுக்குப் போகக்கூடாது."

"போகாது."

"பைக்கில உக்கார முடியாதவன்னு நெனச்சாருன்னா யார்டு போச்சு. டாக்டரு ரெண்டு வாரத்துல வண்டி ஓட்டலாம்னுட்டாரு. ஆனா அவரு டாக்டர கேக்கப் போறாரா?"

"தம்பி, நான் பாத்துக்கிடுதேன். நீங்க உக்காருங்க."

"வேண்டாம் அண்ணாச்சி. நிக்கேன்."

இரண்டு நாளில் சென்னையிலிருந்து கேள்வி வந்தது: இந்த நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது, டாக்டர் கடிதமும் ஆபரேஷன் குறிப்பும் அனுப்பவும். பெண்மணி அன்று விடுப்பு. நானே பதில் எழுதினேன். டாக்டர் கடிதத்தையும் ஆபரேஷன் குறிப்பையும் இணைத்தேன். பெறுநர் கட்டத்தில் சென்னை அலுவலகம். சிசியில் சூப்பர்வைசர், அவருடைய பேப்பர் போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரிய வேண்டும். அதுவரைக்கும் எல்லாம் சரி. அங்கேயே அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

ஆனால் முதலாளியின் குரல் காதில் கேட்டது. 'எனக்குத் தெரியாம எதுவும் போகக்கூடாது.' சூப்பர்வைசரின் குரலும் கேட்டது. இருவரிடமும் நல்ல பெயர் வேண்டும் எனக்கு. வாழ்நாள் முழுக்க என்னைக் கெடுத்தது அந்த ஆசைதான். முதலாளியை பிசிசியில் போட்டேன். அவருக்கும் போய்விட்டது, இவருக்கும் தெரியாது என்று கணக்கு. யாரிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அவருக்கே அதை அனுப்பிவிட்டு, அனுப்பியதை ரகசியமாக வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அன்று மதியம் நிம்மதியாகத் தூங்கினேன், நாற்காலியிலேயே.

பிசிசியில் இருப்பவர் 'ரிப்ளை ஆல்' அழுத்தினால், அனுப்பியவருக்கும் பெறுநருக்கும் சிசியில் உள்ளவருக்கும் அவர் பதில் போகும். ஒளிந்திருந்தவர் தானே எழுந்து நின்று கையாட்டுவது போல. முதலாளி தன் வாழ்க்கையில் வேறு எந்தப் பொத்தானையும் அழுத்தியவர் அல்ல. மூன்றரை மணிக்கு அவர் பதில் வந்தது. ஆங்கிலத்தில், மிகுந்த அன்போடு. சாரம் இதுதான்:

"அன்புள்ள தம்பி, கோயிலுக்குப் போனதாகச் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உடம்புதான் முக்கியம். யார்டு வேலை பற்றிக் கவலைப்பட வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். இனி நீ ஆபீசிலேயே உட்கார்ந்த வேலை பார். உன் நாற்காலிக்கு நடுவில் ஓட்டை வைத்த மெத்தை வாங்கச் சொல்லியிருக்கிறேன்."

கால் மணி நேரத்தில் சென்னை அலுவலகமும் எல்லோருக்குமாகப் பதில் எழுதியது: "தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது. மெத்தைக்கான செலவு பாலிசியில் அடங்காது."

ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். பைக்கில்தான் வந்திருந்தார்.

"பாத்துக்கிடுதேன்னு சொன்னியளே அண்ணாச்சி."

நான் அப்போது சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு தம்பி. தானாப் போயிருக்கு."

"தானாவா?"

"இப்பம்லாம் அப்படித்தான் வருதாம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆபீஸ் வாசல்ல மெத்தை வந்து எறங்கிட்டு. லாரிக்காரப் பயலுவ என்னன்னு கேக்கானுவ. நான் என்னத்தச் சொல்ல? எங்க குலசாமி குடுத்ததுன்னா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சூப்பர்வைசர் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாள் பெண்மணி வந்து, அனுப்பிய மெயில்கள் உள்ள பகுதியைத் திறந்தார். அனுப்பியவரின் பிரதியில் பிசிசி கட்டம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. முதலாளியின் முகவரி அங்கே அழகாக உட்கார்ந்திருந்தது.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொன்னீங்களாமே சார்."

நான் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"கம்ப்யூட்டருக்கு அவர் மெயில் ஐடி எப்படித் தெரியும்? நாமளா டைப் பண்ணினாத்தான அந்தக் கட்டத்துக்குப் போகும்."

"ரெண்டு பேரும் சொன்னாங்கம்மா. யாரை விட?"

"முதலாளிகிட்ட 'இது அவரோட மெடிக்கல் விஷயம், அவர் சொன்னாத்தான் அனுப்புவேன்'னு ஒரு வரி சொல்லியிருக்கலாமே. கோவப்படுவாரு. ஒரு டீ குடிச்சா சரியாயிரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிசியில போடத் தைரியம் இல்லாத ஆள பிசிசியிலயும் போடாதீங்க சார்," என்றார்.

நடந்ததை அலுவலகப் பதிவில் அவர் எழுதி வைத்தார், எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் தெரிவித்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எழுபத்தொரு வயதில் மெமோ வாங்கியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று மாலையே ஏஜென்சி வாசலில் சூப்பர்வைசரைப் பிடித்து உண்மையைச் சொன்னேன். டைப் அடித்தது நான்தான், கோளாறும் நான்தான் என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"இத மொதலாளிக்கு எழுத்துல குடுங்க. நான் பாக்க மாதிரி குடுங்க," என்றார்.

அலுவலகத்துக்கு வந்து முதலாளியின் பதிலுக்குக் கீழேயே எழுத ஆரம்பித்தேன். பெண்மணி என் கையைத் தட்டாத குறை. "சார், அதுக்குக் கீழ பழைய மெயில் முழுசும் இருக்கு. ஆபரேஷன் விஷயம் திரும்ப ஒரு தடவை ஊர்கோலம் போகும்." புதிய மெயில் திறந்தேன். பொருள் கட்டத்தில் 'மூலம்' என்று எழுதப்போனேன், அதையும் தடுத்தார். நோயின் பெயர் எங்கும் வரவில்லை. பெறுநர் முதலாளி. சிசியில் சூப்பர்வைசர், அவரே கேட்டுக்கொண்டபடி, இருவருக்கும் தெரிய. மூன்றாவது கட்டம் காலி. உங்கள் ஊழியரின் மருத்துவ விவரம் என் தவறால் உங்களுக்கு வந்தது, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள், வேலை பற்றிய உங்கள் முடிவில் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள், இனி இத்தகைய கடிதங்களில் உங்களுக்குக் காப்பி வராது என்று எழுதினேன். அவ்வளவு எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது.

முதலாளி போனில் வந்தார். "என்ன சார், அழிச்சிருங்கன்னு எழுதியிருக்கிய. அழிச்சிட்டேன். மண்டையில இருக்கத எங்கன போய் அழிக்க?"

"உங்களுக்கு அனுப்பியிருக்கக் கூடாதுய்யா. தப்பு என்னுது."

"நாந்தான எல்லாத்தையும் அனுப்பச் சொன்னது?"

"நீங்க கேட்டிய. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும்."

பிறகு, "அவனும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா," என்றார், சற்று வருத்தமாக. "நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாரா என்று கேட்கத் துணிவில்லை. அவரே சொன்னார்: "வண்டி ஓட்டலாம்னு டாக்டர்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு வாங்கிட்டு வரட்டும். வேற ஒரு விவரமும் அதுல வேண்டாம். ஒண்ணாந்தேதி யார்டுக்குப் போகட்டும்."

சூப்பர்வைசர் யார்டுக்குப் போனார். நன்றாகவே செய்கிறார் என்று கேள்வி. கிளெய்மும் முடிந்தது. மெத்தையை வாட்ச்மேன் எடுத்துக்கொண்டாராம்.

ஆறு மாதம் கழித்து சூப்பர்வைசருடைய மகனுக்கு ஏதோ சிகிச்சை. பேப்பர்களோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, சௌரியமா இருக்கியளா?" என்று மனதாரக் கேட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். பத்து நிமிடம் மழை, மீன் விலை எல்லாம் பேசினோம். அப்புறம் எழுந்து, என் மேஜையைத் தாண்டிப் போய், கவரை அந்தப் பெண்மணியிடம் கொடுத்தார்.

"நீங்களே பாருங்கம்மா," என்று மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்காது என்று நினைத்து.