மார்ச் முதலாம் திகதிக் கடிதம்

கனகேஸ்வரி கொள்ளுப்பிட்டிக் கம்பனியொன்றில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். பிழை பிடிப்பதில் பொல்லாதவள். நாலால் பிரிபட்டால் லீப் வருடம் என்று கூட வேலை செய்யும் நவரத்தினம் புரோகிராமொன்றில் எழுதியிருந்த வரியைக் கண்டதும் பொரிந்து தள்ளினாள்.

“ஆயிரத்துத் தொளாயிரம் லீப் இல்லை அண்ணை! நூறால பிரிபட்டா பெப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான்.”

அவளே திருத்தினாள்.

யுத்தக் கெடுபிடியில் தமிழ் ஊழியர்கள் சோதனைச்சாவடியில் காட்டும் கம்பனிக் கடிதத்தை, முதல்நாள் திகதியோடு ஒன்றைக் கூட்டித் தினமும் அச்சிடுவது அந்தப் புரோகிராம்தான். இரண்டாயிரமாம் ஆண்டு பெப்ரவரி இருபத்தொன்பதாம் திகதி பின்னேரம் நவரத்தினத்தை வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் பொலிசார் பிடித்துவிட்டார்கள். அவர் கையிலிருந்த கடிதத்தில் மார்ச் முதலாம் திகதி இருந்தது. வேலை முடிந்து புறப்படும் அவசரத்தில் கம்பனியில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

செய்தி கேட்ட கனகேஸ்வரி தான் திருத்திய வரியைத் திறந்து பார்த்தாள். நானூறால் பிரிபட்டால் லீப் வருடந்தான் என்ற மிச்ச விதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நவரத்தினத்தின் வரியை அப்படியே விட்டிருந்தால் ஒரு பிசகும் வந்திராது. சரியான திகதியோடு புதுக் கடிதம் அடித்துக்கொண்டு பொலிசுக்கு ஓடினாள்.

சார்ஜன்ட் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே ஆள், ஒரே கையெழுத்து, வேறு வேறு திகதி.

“இதில் எது பொய்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“முதலாவது. அவர் பாவம். அதைச் செய்தது நான்தான்.”

சார்ஜன்ட் நவரத்தினம் குந்தியிருந்த மரவாங்கைக் காட்டினார்.

“அப்படியென்றால் நீயும் அதில் இரு.”