பதினைந்து மாதத் தூரம்

சத்யபிரியாவை நான் முதலில் பார்த்தது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மேற்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில். இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தாள். வயது இருபத்தொன்று. ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. பம்மலில் வீடு; அம்மா கங்கம்மா சானடோரியம் பகுதியில் ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனிக்குப் போகிறவர். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் சத்யா. அதுவும் ஓட்டத்தால் கிடைத்த இடம். ஜனவரியில் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு இருந்தது. அதில் ஓடி ஜெயித்தால் வேலை.

கணுக்காலுக்கு மேலே எலும்பில் மயிரிழை விரிசல் என்று படத்தில் தெரிந்தது. ஒரு வருடத்துக்குள் இது இரண்டாவது. விழவில்லை, அடிபடவில்லை, எலும்பு தானாக விரிகிறது என்றால் காலை மட்டும் பார்த்தால் போதாது என்று எலும்பு டாக்டர் அவளை மகப்பேறு மருத்துவர் ஜோசலினிடம் அனுப்பியிருந்தார். நான் அங்கே உணவு ஆலோசகர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் சீனியர் நர்ஸ் ஞானாம்பாள் அக்கா விவரம் எழுதிக்கொண்டிருந்தார். கங்கம்மா பதிவு கவுண்டரில் வரிசையில் நின்றார்.

“கடைசியா தூரம் எப்போம்மா?”

“இன்னிக்கு ஓடல சிஸ்டர். முந்தாநேத்து பதினாறு கிலோமீட்டர்.”

ஞானாம்பாள் அக்கா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “அந்தத் தூரம் இல்லடியம்மா. வீட்டுக்குத் தூரம்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. சத்யா சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, பதினைந்து மாதம் ஆகிறது என்று மெல்லச் சொன்னாள். ஓடுகிற பெண்களுக்கு நின்றுபோவது சகஜம், நின்றால் பயிற்சி சரியாகப் போகிறது என்று அர்த்தம் என்று சீனியர் அக்காக்கள் சொல்லியிருந்தார்களாம். நடுவில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், மூன்று மாதம் வந்தது, மாத்திரை முடிந்ததும் நின்றுவிட்டது. அந்த மூன்றை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு என் அறைக்கு வந்தாள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டு எழுதினேன். விடிகாலையில் சர்க்கரை இல்லாத கறுப்புக் காப்பி. அதோடு இரண்டு மணி நேர ஓட்டம். பிறகு இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டிச் சோறு, நிறையக் காய். மாலையில் மறுபடி பயிற்சி. இரவில் சோறு இல்லை, வெள்ளரிக்காய். எழுதிக்கொண்டிருக்கும்போதே, இவ்வளவு கட்டுப்பாடு எனக்கு வராதே என்று மனதுக்குள் மெச்சினேன். நாலு வருடம் ஊட்டச்சத்துப் படித்தவளுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் பயம் அல்லவா வந்திருக்க வேண்டும்?

தவறு அதோடு நிற்கவில்லை. கங்கம்மா ரசீதோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் தலை நிமிராமலே, “பதினஞ்சு மாசமா பீரியட்ஸ் வராததுக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம்” என்றேன். நோயாளி தனியாகச் சொன்னதைத் தாய் முன்னால் போட்டு உடைத்தேன். சொல்லி முடித்த பிறகுதான் சத்யாவின் முகத்தைப் பார்த்தேன்.

“இன்னாம்மா சொல்ற?” என்றார் கங்கம்மா. “போன வெள்ளிக்கிழமதான் தூரம். மூணு நாள் தனியா பாய் போட்டுப் படுத்துகினு இருந்தா. வெளக்கக்கூட நான்தான் ஏத்துனேன்.”

கங்கம்மாவுக்கு வேறு ஏதோ ஞாபகம் வந்தது. மகள் பக்கம் திரும்பினார். போன சனிக்கிழமை திருநீர்மலைக்குப் போயிருந்த எதிர்வீட்டுப் பெண், உங்கள் மகள் கோயில் படியில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள் என்று சொல்லியிருக்கிறாள். அந்த நாளில் என் மகள் மலை மிதிக்க மாட்டாள், நீ வேறு யாரையோ பார்த்திருப்பாய் என்று கங்கம்மா அவளோடு சண்டையே போட்டிருக்கிறார்.

“தூரத்தோட பெருமாள் மலை ஏறுனியாடி?”

சத்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூரத்தோட ஏறலம்மா. தூரமே ஆகல.”

ஒவ்வொரு மாதமும் நடித்திருக்கிறாள். கைப்பேசியில் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை மணியடிக்க வைத்து, அந்த நாளில் தனித் தட்டு, தனிப் பாய், மூன்று நாள் விளக்கைத் தொடாமல் இருப்பது. தெரிந்தால் அம்மா ஓட்டத்தை நிறுத்திவிடுவார் என்ற பயம். கங்கம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு நாள் முன்னே பின்னே ஆனதே இல்லை, எந்தப் பொம்பளைக்கு அப்படி வரும், எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும் என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

டாக்டர் ஜோசலினின் அறையில் கங்கம்மா கேட்ட முதல் கேள்வி, இவளுக்கு இனிமேல் பிள்ளை பிறக்குமா என்பது. டாக்டர் சத்யாவைப் பார்த்து, அம்மா இருக்கும்போதே பேசலாமா என்று கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் தலையாட்டினாள்.

முதலில் மற்ற காரணங்களை விலக்க வேண்டும் என்றார் டாக்டர். கர்ப்பம் இல்லை என்று அன்றே தெரிந்தது. தைராய்டும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் சரியாக இருந்தன. கருமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோன்கள் குறைவு, ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. ஸ்கேனில் கருப்பையின் உள்படலம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. எலும்பின் அடர்த்தி வயதுக்குக் குறைவு. அடுத்த வாரம் இத்தனையையும் மேசையில் வைத்து அவர் விளக்கியதை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம். அது ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தட்டு வீதம், கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. தட்டு சரியாக விழுந்தால் பிட்யூட்டரி சினைப்பைக்குச் சொல்லி அனுப்பும். ஒரு முட்டை முதிரும். முதிரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்குள் படலத்தை வளர்க்கும், எலும்பையும் காக்கும். சாப்பிட்டதில் ஓட்டத்துக்குச் செலவாவது போக உடம்பை நடத்த மீதி போதவில்லை என்று தெரிந்தால், மூளை அந்தத் தட்டைக் குறைத்துவிடுகிறது. பிள்ளை சுமக்க இது நேரமில்லை என்ற முடிவு அது. மனஅழுத்தமும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

“கருப்பை கெடல, சினைப்பை கெடல. தட்டுறது கொறஞ்சுபோச்சு, அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

அப்படியானால் மறுபடி மாத்திரை கொடுங்கள் என்றார் கங்கம்மா. அந்த மாத்திரையால் வருவது மாத்திரை வரவழைக்கும் ரத்தம், முட்டை முதிர்ந்து வருவது அல்ல, அது வந்தால் சரியாகிவிட்டது என்று நாமே ஏமாந்துபோவோம் என்றார் டாக்டர். சத்யா மூன்று நாள் பாயில் படுத்ததைப்போல உடம்பும் நடிக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியது.

மருந்து என்று எழுதியது சாப்பாட்டையும் ஓய்வையும்தான். எலும்புக்காக எட்டு வாரம் ஓடவே கூடாது. என் வேலை அங்கே தொடங்கியது. எழுந்ததும் வாழைப்பழமும் கடலை மிட்டாயும். நாலு இட்லி, முட்டை. மதியம் வயிறு நிறையச் சோறு, நெய், தயிர். மாலையில் சுண்டல், பால். இரவில் மறுபடி சோறு. அந்தக் கடைசி வரியை அவள் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஓடாத நாளில் சோறு எதற்கு என்று கேட்டாள். வாரா வாரம் அந்த ஒரு வரிக்காகவே பேசினோம். சில வாரம் சாப்பிட்டதாகப் பொய் சொன்னாள். பொய் என்று அவளே மறு வாரம் சொல்வாள். கங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டார். டாக்டர் அவளை மனநல ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

நவம்பரில் மெதுவாக ஓட அனுமதி கிடைத்தது, வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம். எடை ஐந்து கிலோ கூடியிருந்தது. பயிற்சியாளர் ஜெரோம் சார் அவளைப் பார்த்ததும், “என்னம்மா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்ட” என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இரண்டு நாள் இரவுச் சோற்றை விட்டாள். தேர்வுக்கு இன்னும் எட்டு வாரம், இப்போதே ஏற்றினால் பிடித்துவிடலாம் என்று அவர் ஓர் அட்டவணையும் எழுதிக் கொடுத்திருந்தார். அதை என் மேசையில் என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இத ஓடுனா மறுபடி நின்னுடுமாக்கா?”

இன்னும் வரவே இல்லையே என்று சொல்ல வாய் வரவில்லை. எந்தத் தாளை எடு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? தோற்றால் போவது அவளுடைய வேலை. எங்கள் வீட்டிலும் முதல் பட்டம் என்னுடையதுதான். ஒரு நல்ல வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நான் உடம்பைப் பார்த்திருப்பேனா? டாக்டரிடம் கேட்கலாம் என்று மட்டும் சொன்னேன். டாக்டர், இப்போது ஏற்ற வேண்டாம் என்றார். தேர்வை விடுவதா என்பதை டிசம்பர் முடியும்போது பார்க்கலாம் என்று சத்யா தள்ளிப்போட்டாள். இரண்டு தாளையும் மடித்து ஒரே பைக்குள் வைத்தாள்.

டிசம்பர் முப்பதாம் தேதி அவளிடமிருந்து போன். நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றாள். உள்ளாடையில் முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழப்பாக ஏதோ படுகிறது, நோயா என்று கேட்டாள். மறுநாள் ஸ்கேன். திரையில் வலது பக்கச் சினைப்பையில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம். டாக்டர் அளந்தார். பத்தொன்பது மில்லிமீட்டர். கருப்பையின் கோடு இப்போது கோடாக இல்லை, தடித்திருந்தது.

“முட்டை ரெடியா இருக்கு. நாளைக்கோ மறுநாளோ வெளிய வரும். அது வந்தா, ரெண்டு வாரம் கழிச்சு பீரியட்ஸ். எப்பவும் முட்டை முதல்ல, ரத்தம் அப்புறம்.”

சத்யா திரையையே பார்த்தாள். ஸ்கேன் மேசையில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, தேர்வு ஒன்பதாம் தேதி என்றாள். என் அறைக்கு வந்து பையிலிருந்து ஜெரோம் சாரின் அட்டவணையை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. இதை அடுத்த வருடம் கேட்பேன், அதுவரை நீங்கள் வையுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. ஒன்பதாம் தேதி அவள் தேர்வுக்குப் போகவில்லை. அவளோடு ஓடிய பெண் ஒருத்தி தேர்வானாள் என்று கேள்விப்பட்டேன். அன்று சத்யா என் போனை எடுக்கவில்லை.

பொங்கலன்று காலை கங்கம்மாவே போன் செய்தார். பானை வைக்கும் நேரத்தில் மகளை விளக்கேற்றச் சொல்லியிருக்கிறார். அவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நல்ல நாளும் அதுவுமாக இப்படி நிற்கிறாளே என்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.

“‘தூரம்மா’ன்னா. நான் அவ மூஞ்சியையே பாத்துகினு கீறேன். ‘நெசமாவா?’ன்னு கேட்டேன். ‘நெசம்மா’ன்னா.”

பிறகு சத்யா போனை வாங்கினாள். வயிறு வலிக்கிறது என்றாள். அதையும் சந்தோஷமாகவே சொன்னாள். கைப்பேசியில் அவள் வைத்திருந்த மணி இருபத்திரண்டாம் தேதிதான் அடிக்க வேண்டுமாம்.

“ஏழு நாள் முன்னாடியே வந்துடுச்சுக்கா. அந்த அலாரத்த அழிச்சுட்டேன்.”

பின்னால் கங்கம்மாவின் குரல் கேட்டது. ரெண்டு கரண்டி பொங்கல் வெச்சிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள வந்து தின்னு என்றார்.