குதிரை கனைக்காத ராத்திரி

காய்ந்த வலையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் பட்டால் எனக்கு உடனே ஓர் ஈயின் ஞாபகம் வரும். தன் பெயரையே மறந்துவிட்ட ஈ அது. ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் வீட்டில், நைனாவைப் பெற்ற ஆயா, என்னையும் தம்பியையும் இரண்டு பக்கமும் படுக்கவைத்துக்கொண்டு சொன்ன கதைகளிலேயே அதுதான் நீளமானது.

மீன்கூடையை மொய்த்த மும்முரத்தில் பெயரை மறந்த ஈ, கூடையைக் கேட்கும். கூடையோ தன்னைத் தூக்கும் ஆயாவைக் கேட்கச் சொல்லும். இப்படி ஆள் சேரச் சேர, "கூடையே, கூடை தூக்கும் ஆயாவே, ஆயா வளர்க்கும் பூனையே" என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து நாங்களும் மூச்சு விடாமல் சொல்லவேண்டும். ஒன்றை விட்டால் ஈ மறுபடி கூடைக்கே போய்விடும். நடுநடுவே "உம்" கொட்டவும் வேண்டும். "உம் கொட்டலன்னா கத கோச்சிக்கினு பூடும்" என்பாள் ஆயா. எங்கள் "உம்" தேய்ந்து நின்ற இடத்தில் கதையை நிறுத்துவாள், மறுநாள் அங்கிருந்தே எடுப்பாள். கடைசியில் ஜட்கா வண்டிக் குதிரை "ஹீ...ஈ" என்று கனைக்க, அதுதான் தன் பெயர் என்று ஈ சந்தோஷமாகப் பறந்துவிடும்.

ஒருநாள் பேய்க் காற்று. மற்ற படகுகள் கரைக்கு வந்துவிட்டன, நைனாவின் படகு மட்டும் வரவில்லை. அம்மா கரைக்கு ஓடிவிட்டாள். ஆயா ராந்தலைத் தூண்டிவிட்டு ஈயைக் கூப்பிட்டாள். குதிரை வந்ததும் கதை முடிந்தது என்று நான் கண்ணை மூட, "குதிரைக்குத் தொண்ட கட்டிக்கிச்சு, கனைக்க முடில" என்றாளே பார்க்கலாம்! குதிரை நிற்கும் தெரு, தெருவுக்குக் கேட்கும் மாதா கோயில் மணி, மணி கேட்டு வரும் கப்பல், கப்பலை ஆட்டும் அலை என்று ஒரு சொல் தடுமாறாமல் கோத்துக்கொண்டே போனாள். அந்த வாய்க்குள் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ என்று, தூக்கம் கலைந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பயப்படவே எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அலையில வர்ற படகே, படகுல வர்ற நைனாவே" என்ற இடத்துக்கு வந்ததும் அவள் மேலே போகவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நாங்களும் சொன்னோம். கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து நைனா நின்றார், பின்னால் அம்மா.

"டேய், ஈ அதும் பேரு இன்னான்னு கேட்டுகினு கீது. சொல்லு."

ஒன்றும் புரியாமல் நைனா எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார்.

"பாத்தீங்களா, ஈன்னு இளிக்கிறான்! பேரு கெடச்சிச்சு" என்ற ஆயா, அதற்கப்புறம்தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இப்போது ஆயாவும் இல்லை, நைனாவும் இல்லை. ஜட்காக்கள் போய்விட்டதால் குதிரைக்குப் பதிலாக நான்தான் பேத்திக்குக் கனைத்துக் காட்டுகிறேன். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரம் எங்கள் வீடு. பல ராத்திரிகளில் பூனை வருவதற்குள்ளேயே அவளுடைய "உம்" நின்றுவிடும். ஆயாவின் வழக்கப்படி நானும் அங்கேயே நிறுத்தவேண்டும். ஆனால் லாரி ஓட்டப் போன அவள் அப்பன், என் மகன், இன்னும் வீடு திரும்பாத நாட்களில் என்னால் முடிவதில்லை. தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொண்டு, குதிரையைக் கனைக்கவிடாமல் தாண்டிப் போய், "லாரி ஓட்டும் மகனே" என்பதையே வாசலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.