ஒன்பது மணிக் கேட்

எங்கள் மோட்டார் கேட்டுக்கு ஒரே ரிமோட். தினமும் காலை ஒன்பது மணிக்கு என் கணவர் அதை அமுக்கிக் கேட்டைத் திறந்து, ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிற நான் மத்தியானம் வந்து செஞ்சி ஊரின் வெயிலில் வெளியே நிற்க வேண்டும். எரிச்சல் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மோட்டாரை அணைத்துவிட்டு, ஒரு ரிசீவரை மைக்ரோகன்ட்ரோலரில் இணைத்து, ரிமோட்டைப் பத்து முறை அமுக்கினேன். பத்து முறையும் லேப்டாப்பில் ஒரே எண். மாறாத கோட் எண்! இனி அந்த எண்ணை நானே அனுப்பினால் போதும். மோட்டாரைப் போட்டு, ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வழியாக அனுப்பினேன். கேட் திறந்தது. துள்ளிக் குதித்தேன்.

எதிர் வீட்டுக் கேட்டும் திறந்தது. அந்த வீட்டு அக்கா எரியும் கற்பூரத் தட்டைக் கேட்டுக்குக் காட்டியபடி நின்றார்.

"இன்னாம்மா இது, இப்பவே பத்து தபா ஆடிச்சி!"

ரிமோட்டைக் கழற்றினேன். வீட்டுக்கு வீடு கோட் எண் மாற, சிப்பில் அதற்கென உள்ள எட்டுக் கால்களில் சிலவற்றையாவது பற்றவைக்க வேண்டும். ஒன்றில்கூட ஈயம் இல்லை. அக்காவின் ரிமோட்டிலும் அப்படியே. இரண்டு வீட்டுக்கும் கேட் மாட்டியவர் ஒரே எலக்ட்ரீசியன். அக்காவுக்கு விளக்கியபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"அடிப்பாவி! செத்துப்போன மாமியார்தான் டாண்ணு ஒம்போது மணிக்குக் கேட்டைத் தொறந்துனு வர்றாங்கன்னு நெனச்சேனே. ஒரு வருசமா உன் வூட்டுக்காரருக்கா கற்பூரம் காட்டினு இருந்தேன்?"