நாத்தனாருக்கும் நைட் டூட்டி

என் மனைவி ஆஸ்பத்திரி வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர். வீட்டிலும் அவள்தான் இன்சார்ஜ்; அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நான் தையல்காரன். துணி போதாவிட்டால் ஒட்டுப் போட்டுச் சமாளிப்பேன். அவளுக்கு ஆள் போதாது, ஒட்டுப் போடவும் வழியில்லை.

அவள் பொறுப்பேற்றதுமே ஒரு நர்ஸ் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். வார்டில் அவளுக்கு ராக்கோழி என்று பெயர். கல்யாணமாகாதவள், பிள்ளைகுட்டி இல்லை என்று நைட் டூட்டியெல்லாம் அவள் தலையில்தான். அதோடு ஒரு அநியாயம்: ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் நாளையே வார ஓய்வு என்று போட்டுவிடுவார்கள். தூங்கி எழுந்தால் லீவு முடிந்திருக்கும்.

"இந்த மாசம் அட்டவணை ஒழுங்கா இருந்தா அவ இருப்பா. இல்லாட்டி போயிடுவா" என்றாள் மனைவி.

சாப்பாட்டு மேஜையில் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்தாள். நைட்டை எல்லாருக்கும் சமமாகப் பிரித்தாள். நைட் முடிந்து வரும் நாள் தூங்குவதற்கு, ஓய்வு மறுநாள்தான். சாயங்கால டூட்டி பார்த்தவளை அடுத்த காலையே வரச் சொல்லக் கூடாது. ஞாயிறு லீவு எல்லாருக்கும் சுற்றி வர வேண்டும். யாராவது படுத்துவிட்டால் வருவதற்கு மாற்று ஆள் வேறு. கணக்கு உதைத்தது. நைட்டே பார்க்காத ஒருத்தி மிச்சமிருந்தாள். பழைய இன்சார்ஜின் செல்லப்பிள்ளை, அதே வார்டில் நர்ஸாக இருக்கும் என் கூடப்பிறந்த தங்கை.

அட்டவணை ஒட்டிய அன்றே எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, அண்ணி என்னைப் பழிவாங்குறாங்களா? நீ கொஞ்சம் சொல்லேன்."

ரோஷத்தோடு போய்க் கேட்டேன். "சொந்த நாத்தனாரையே நைட்ல போடுவியா?"

"இவள மட்டும் விட்டுட்டு மத்தவங்கள எந்த மூஞ்சியோட நைட்டுக்கு வான்னு கூப்பிடுவேன்? நீங்க சட்டை தைக்கிற வேலையப் பாருங்க."

போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தேன்.

தங்கை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நைட் பார்த்தாள். கடைசி நைட் முடிந்த காலை எங்கள் வீட்டில் வந்து விழுந்தாள். அன்று மனைவிக்கு லீவு. மத்தியானம் வார்டிலிருந்து போன்: சாயங்காலம் வரவேண்டியவளுக்குக் காய்ச்சலாம், தங்கையை அனுப்ப முடியுமா?

"முடியாது. இன்னைக்கு அவ தூங்குற நாள், நாளைக்குத்தான் லீவு. ரெண்டையும் தொடக்கூடாது. மாத்து ஆள் பேரு போட்டிருக்கேன், அவளக் கூப்பிடுங்க. அவளுக்குப் பதில் லீவு நான் தரேன்."

போன் சத்தத்தில் விழித்த தங்கை வாசற்படியில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, ராக்கோழிக்கு இத்தனை நாளா இதையா லீவுன்னு கொடுத்தாங்க?"

"ஆமா."

"அடுத்த மாசமும் எனக்கு நைட் போடுங்க. எல்லாருக்கும் போடுற மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மாதக் கடைசியில் ஆபீஸிலிருந்து ராக்கோழிக்குப் போன் செய்தார்களாம், ராஜினாமா விஷயமாக உடனே வந்து கையெழுத்துப் போடச் சொல்லி.

"அத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா இன்னைக்கு எனக்கு லீவு, நாளைக்கு வரேன்" என்றாளாம்.

இதைச் சொல்லும்போது என் மனைவி முகத்தில் இருந்த கர்வத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் அதில் பாதி பங்கு உண்டென்று எடுத்துக்கொண்டேன்.