குப்பையாக வந்த பாடப்புத்தகம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதுவும் ஒரு ஃபைலைச் சரியாகப் பார்க்காமலேயே ஒருவன் தீர்ப்புச் சொல்லிவிட்டால், வந்த கோபம் போக ஒரு டீ தேவைப்படும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் டி.டி.பி. கடை வைத்திருக்கிறோம். ஜெராக்ஸ் அவர் பாடு, கம்ப்யூட்டர் என் பாடு.

அந்த மே மாதம் டியூஷன் டீச்சர் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவரே எழுதிய சமூக அறிவியல் பயிற்சிப் புத்தகம். பல வருஷம் பாடம் நடத்தி நடத்தித் திருத்தி எழுதியது. பாடத்திட்டத்தில் சில பாடங்கள் மாறிவிட்டதால் அந்தப் பக்கங்களை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் செத்துப்போய் டைப் செய்த ஃபைல் மொத்தமும் போய்விட்டது. எப்போதோ அச்சகத்துக்கு மெயிலில் அனுப்பிய பி.டி.எஃப். ஒன்றுதான் மிச்சம்.

"அங்கன ஒரு கடையில காட்டினேன். இது ஸ்கேன், மொத்தத்தையும் மறுபடி அடிக்கணும்னு சொல்லுதாங்க. ஸ்கூல் திறக்கதுக்குள்ள முடியுமா? பழைய புக்கக் குடுத்தா பிள்ளைங்க பழைய பாடத்தப் படிச்சிட்டுப் போய் பரீட்சையில முழிக்கும். இந்த வருஷம் புக்கே வேண்டாம்னு விட்டுரலாம்னு பாக்கேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் அதற்குள் ஃபைலைத் திறந்து, தேடும் கட்டத்தில் 'சோழர்' என்று அடித்துப் பார்த்துவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை.

"ஏட்டி, சோழர் பாடத்துல சோழரே இல்லைங்குது. ஸ்கேனுதான். அடிக்க ஆளு பாத்துக்குவோம்."

"எந்திரிங்க முதல்ல" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைப் பெரிதாக்கினேன். ஸ்கேன் என்றால் பெரிதாக்கப் பெரிதாக்க எழுத்தின் ஓரம் கட்டம் கட்டமாக உடையும், தாளின் அழுக்கும் கூடவே பெரிதாகும். இதில் எழுத்துகள் எவ்வளவு பெரிதாக்கியும் கத்தரித்த மாதிரி நின்றன. மௌசை ஒரு வரியின் மேல் இழுத்தேன். அந்த வரி மட்டும் நீலமானது. ஃபைலின் விவரத்தில் எழுத்துருக்களின் பட்டியலைத் திறந்தால், நான் தொழில் பழகிய காலத்தில் எல்லோரும் அடித்த பழைய தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயர் உட்கார்ந்திருந்தது. அடடா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, என் புக்கு இப்படி ஆயிட்டே!"

"டீச்சர், இந்தக் குப்பைதான் உங்க புக்கு. படமா இருந்தா இந்தக் குப்பைகூட வராது" என்றேன்.

பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அதற்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். இன்றைய தமிழ் எழுத்துருவில் அடித்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்தக் கடைக்காரர் தேடிப் பார்த்ததோடு கைகழுவியிருப்பார். என் வீட்டுக்காரரும் அதையேதான் செய்தார், அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறேன்.

வரைபடப் பக்கங்களையும் விடாமல் இழுத்துப் பார்த்தேன். அங்கே மௌசுக்கு எழுத்தே பிடிபடவில்லை, பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகச் சிதறியது. அவை நிஜமாகவே ஸ்கேன். "இதுல எழுத்த மாத்த முடியாது, படமாவே வச்சுக்கிடுவோம். மாத்தணும்னா புதுசா வரையணும்" என்றேன். வரைபடம் மாறவில்லை என்றார் டீச்சர்.

எழுத்துருவின் பெயர் தெரிந்துவிட்டதால் மாற்றும் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்து முதல் பாடத்தின் குப்பை முழுவதையும் உள்ளே கொட்டினேன். வரிகள் அங்கங்கே முறிந்திருக்கும், சில கொம்புகள் இடம் மாறியிருக்கும், உட்கார்ந்து பிழை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மறுபடி அடிக்க வேண்டாம். பட்டனைத் தட்டினேன்.

திரை முழுக்கத் தமிழ்.

டீச்சர் திரையை நெருங்கி வந்தார். "அன்புள்ள பிள்ளைகளே, இந்தப் பாடத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்" என்று தாம் எழுதிய முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். அடுத்த வரிக்குப் போக முடியாமல் அழுதார்.

என் வீட்டுக்காரர் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸை நிறுத்தினார். நகல் எடுக்க வந்திருந்தவர்களைப் பார்த்து, "எங்க வீட்டம்மா" என்றார்.